பால் இன்னும் காயல

சிறுசேரி ஐ.டி. பார்க்கின் பின்வாசலுக்கு எதிரே ஆதியம்மாள் டீக்கடை வைத்திருக்கிறாள். உள்ளே இருக்கிற கம்பெனிகளில் குறை கேட்பதற்கென்றே தனி அறை உண்டு, ஏ.சி. உண்டு, சிரித்த முகத்தோடு ஒரு அதிகாரியும் உண்டு. குறை சொல்லத்தான் ஆள் கிடையாது. ஆளெல்லாம் ரோட்டைத் தாண்டி இங்கே வந்துவிடுவார்கள்.

ஆதியம்மாள் கேட்கிற விதமே தனி. தலை நிமிர மாட்டாள். யாராவது குரலைத் தாழ்த்தினால் அடுப்பின் இரைச்சலையும் கொஞ்சம் தாழ்த்திவிடுவாள். மேனேஜர் யாராவது ரோட்டைத் தாண்டி வந்தால் டம்ளர்களைச் சத்தமாகக் கழுவுவாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் உடனே கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மட்டும் சொல்லவே மாட்டாள். பெரிய தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வார்த்தை கசிந்தால் போதும், மறுநாள் அத்தனை பேரும் ஆபீசிலேயே மெஷின் டீ குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வியாபாரம் படுத்துவிடும்.

இந்த வைராக்கியத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தாள் ஜெபா. நெம்மேலிப் பெண், மதிய ஷிப்ட். ராத்திரி வேலை முடிந்து போகும் பெண்களை கேப் வண்டி வீட்டு வாசலிலேயே இறக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அவளை ஈசிஆர் ரோட்டோரமே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்ச தூரம் இருட்டும் நாய்களும்தான் துணை.

“கம்ப்ளைன்ட் குட்த்தேன்க்கா. நீங்க வூட்டாண்டதான் எறங்குனீங்கன்னு சிஸ்டம் சொல்லுதுன்றாங்க. அந்த டிரைவர் அண்ணன் என்னை பொய்க்காரி ஆக்கிட்டாரு. எங்கப்பா இந்த மாசத்தோட வேலைய வுட்டுடுன்றாரு. எங்க வூட்ல மொத மொத ஆபீஸ் வேலைக்கு வந்தது நான்தான்க்கா.”

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. ஆதியம்மாளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனாலும், “சக்கர போதுமா கண்ணு?” என்று மட்டும் கேட்டாள்.

ஜெபா போன கையோடு டிரைவர் சுதாகர் வருவான். அவனுக்கு வேறு பாட்டு.

“அந்த மேடம் எம்மேல கம்ப்ளைன்ட் குட்த்துகீதுக்கா. நானா எறக்கி வுட்றேன்? ரோட்டோட ட்ரிப்ப முடிச்சிட்டு அடுத்த ஆள ஏத்துடான்னு சூப்பர்வைசர் போன்ல கத்திக்கினே கீறான். ஓடிபி கேட்டா அதுவும் சொல்லிடுது. சொல்லிட்டு அப்பால இன்னா கம்ப்ளைன்ட்டு?”

ஆதியம்மாளுக்கு முடிச்சு விளங்கிவிட்டது. இறங்கும் நேரத்தில் பெண்ணின் போனுக்கு ஒரு நம்பர் வரும். டிரைவர் அதைத் தன் போனில் தட்டினால், பத்திரமாக வீடு சேர்ந்தாள் என்று பதிவாகி ட்ரிப் முடிந்துவிடும். ஜெபா நல்ல வளர்ப்பு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ரோட்டோரம் கேட்டார்கள், ரோட்டோரமே கொடுத்தாள்.

இதை ஜெபாவிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது சுதாகர் சொன்னதாயிற்றே! ராத்திரி முழுக்கப் புரண்டவள், மறுநாள் ஜெபா வந்ததும் அடுப்பைக் குறைத்தாள்.

“பால் இன்னும் காயல கண்ணு. இரு.”

“பொங்கிக்கினு கீதேக்கா!”

“அது அப்டித்தான் தெரியும்.”

சுதாகர் வந்தான். ஜெபாவைப் பார்த்ததும் நைசாகத் திரும்பிப் போகப் பார்த்தான்.

“எங்கடா ஓடற? உனுக்கும் சேத்துதான் பால் வச்சிக்கீறேன். நில்லு.”

நின்றான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் இப்படித்தான் நிற்பார்கள். ஆதியம்மாள் அவசரப்படவில்லை. டீ கிடைக்காத மனிதர்கள் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“ஏண்ணா பொய் சொன்னீங்க?” என்று ஜெபா வெடித்தாள்.

“நான் எங்க மேடம் சொன்னேன்? நீங்க நம்பர் குட்த்தீங்க, தட்டுனேன். தட்டுனா வூடு சேந்துட்டீங்கன்னு அதுவே எழுதிக்கும்.”

“அப்ப… அந்த நம்பர் அதுக்கா?”

“பின்ன? லாட்டரிக்கா?”

ஜெபா தலையில் அடித்துக்கொண்டாள். சுதாகரின் கோபமும் இறங்கிவிட்டது.

“மேடம், ரோட்டோட முடின்னு கத்தற சூப்பர்வைசர் லைன்லயே இருப்பான், நான் கேக்காம இருக்க முடியாது. நான் கேக்கறேன், நீங்க குடுக்காதீங்க. வூட்டு வாசப்படி ஏறிட்டுக் குடுங்க. நம்பர் இல்லாம ட்ரிப்ப என்னாலயும் மூட முடியாது, அவனாலயும் முடியாது.”

“இந்தாங்க, காஞ்சிடுச்சு” என்று ஆதியம்மாள் இரண்டு டம்ளர்களை நீட்டினாள்.

அன்று ராத்திரி ரோட்டோரம் சுதாகர் உரக்கக் கேட்டான். ஜெபா அதைவிட உரக்க மறுத்தாள். “மேடம் குடுக்கல சார்” என்று அவன் போனில் சொன்னபோது, சூப்பர்வைசரின் வசவு வண்டி முழுக்கக் கேட்டதாம். வண்டி தெருவுக்குள் திரும்பியது. அந்த வாரமே ஜெபாவின் அப்பா வேலையை விடச் சொல்லும் பேச்சை விட்டுவிட்டு, வாசலில் நின்று டிரைவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்.

இப்போது ஜெபாவும் சுதாகரும் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள். குறையும் சேர்ந்தே சொல்கிறார்கள்.

“இன்னாதான் சொல்லுண்ணா, இந்தக் கடையில ஒரு டீ வாங்கறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடுது.”

“ஆமா மேடம். அக்காவுக்குக் கையில சுறுசுறுப்பே இல்ல.”

ஆதியம்மாள் தலை நிமிராமல் அதையும் கேட்டுக்கொண்டாள்.