எழுபது எழுத்துக்குள்

டயாலிசிஸ் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவளை எல்லாரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள், வேலை மட்டும் மலையளவு. அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஹெட் நர்ஸ் வந்து சொன்ன செய்தியைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றாத குறை.

"தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் நின்னுபோச்சு சிட்டு. நாளைக்கு இங்க யாருக்கும் டயாலிசிஸ் கிடையாது. மேற்குத்தெரு கட்டடத்துல காலைல ஆறு மணிக்கு இடம் தர்றாங்க. பத்தரைக்கு அவங்க ஆளுங்க வந்துடுவாங்க. நம்ம பதினெட்டு பேருக்கும் உடனே சொல்லியாகணும்."

பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. கம்ப்யூட்டரில் மெசேஜ் பெட்டியைத் திறந்து தமிழில் அடித்தாள். ஒரு மெசேஜுக்குள் ஆங்கிலம் என்றால் நூற்று அறுபது எழுத்து கொள்ளும்; தமிழில் ஒரு எழுத்து விழுந்தாலே எழுபதுதான். அதிலும் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'கி' என்று ஒன்றை அடித்தால் பெட்டியின் மூலையில் காட்டும் மிச்சக் கணக்கில் இரண்டு குறையும்.

பக்கத்து நாற்காலியில் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். அங்கேதான் பிடித்தது சனி.

"முதல்ல 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்'னு போடும்மா."

போட்டுக் காட்டினாள். நாற்பத்து மூன்று போய்விட்டது. "சார், மிச்சம் இருபத்தேழுல தேதி, நேரம், இடம், பதில் அனுப்புற விவரம் எல்லாம் எப்படி சார் அடங்கும்?"

"எழுபதைத் தாண்டினா ரெண்டா போகட்டுமே."

"போன தடவை போச்சே சார். பழைய போன்ல ரெண்டு துண்டா விழுந்து, முதல் துண்டை மட்டும் படிச்சிட்டு பாதிப் பேர் இடம் தெரியாம நின்னாங்க."

"சரி, வெறும் வணக்கமாவது போடு. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஆறு மணிக்கு எங்க போகணும்னு தெரியாம நிக்கிறவங்களுக்கு வணக்கத்தை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?"

அவர் முகம் சுண்டியது. அப்புறம், நம்பருக்குப் பதிலாக ஆஸ்பத்திரி பெயரிலேயே மெசேஜ் போனால் எடுப்பாக இருக்குமே என்றார். பெயரில் போனால் யாரும் பதில் அனுப்ப முடியாது, நம்பர் இருந்தால்தான் பதில் திரும்பி வரும் என்று இவள் விளக்கினாள். இப்படியே அரை மணி நேரம் கரைந்தது. மணி ஐந்தாகப் போகிறது. அவர் எழுந்து போன பிறகு, எரிச்சலோடு தான் முதலில் எழுதியதைப் பார்த்தாள். '12/6 வியாழன் காலை 6' என்று தொடங்கியது. எழுபத்தாறு. ஆறு எழுத்து அதிகம்.

எதை வெட்டுவது? நேரத்தில் கை வைக்க முடியாது. இடத்தைக் குறைத்தால் குழப்பம். பட்டென்று தேதியையும் கிழமையையும் சேர்த்து அழித்துவிட்டு அடித்தாள்:

'நாளை காலை 6 டயாலிசிஸ் மேற்குத்தெரு கட்டடம். வருவீர்களா? 1 அனுப்பவும்'

அறுபத்தெட்டு. அப்பாடா என்று அனுப்பினாள்.

ஆறரைக்குள் பதினாறு பேரிடமிருந்து '1' வந்துவிட்டது. பதில் வராத இருவரைப் போனில் அழைத்தாள். ஒருவர் எடுத்தார். இன்னொருவர், பஸ் ஓட்டி ரிட்டயரானவர், எல்லாருக்கும் டிரைவர் ஐயா. அவர் போன் அணைந்து கிடந்தது. எட்டு மணி வரை அடித்துப் பார்த்தாள். அந்த ஒரே நம்பர்தான் பதிவில் இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே மேற்குத்தெரு கட்டடத்துக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்குப் பதினேழு பேரும் மெஷினில் ஏறினார்கள். ஒரு படுக்கை காலி. ஏழு நாற்பதுக்கு, அங்கே அவள் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் டிரைவர் ஐயாவின் நம்பரிலிருந்து '1' வந்து விழுந்தது.

"வர்றாராம் சிஸ்டர்!" என்றாள். அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் மேல் கோடு கிழித்துவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தாள்.

எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஆளைக் காணோம். மறுபடி திரையைப் பார்த்தாள். ஆறு மணிக்கு வரச் சொன்னதற்கு ஏழு நாற்பதுக்கு ஒருவர் எதற்கு 'வருகிறேன்' என்று சொல்வார்? உடனே அழைத்தாள். அவர் மனைவிதான் எடுத்தார்.

"ஐயா கிளம்பிட்டாராம்மா?"

"எங்க? நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கீங்க? நேத்து முழுக்க போன்ல சார்ஜ் இல்ல. காலைல போட்டதும் மெசேஜ் வந்துச்சு, நாளை காலை ஆறுன்னு. அதான் ஒண்ணு அனுப்பினாரே. இல்லன்னா வழக்கம்போல பதினோரு மணிக்கு அங்க வந்திருப்பாரு."

"அம்மா, அந்த நாளை இன்னிக்குத்தாம்மா. எப்படி இருக்காரு?"

"ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்கினாரு. கால் வீங்கிக் கிடக்கு. மூச்சு இழுக்குது."

"ஒரு ஆட்டோ பிடிச்சு நேரா மேற்குத்தெருவுக்கு வந்துடுங்கம்மா. தண்ணி எதுவும் குடுக்காதீங்க."

ஒன்பதேகாலுக்கு இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை இறக்கினார்கள். அந்தக் கட்டடத்து நர்ஸ் கையை விரித்தார். "நாலு மணி நேரம் ஆகும். பத்தரைக்கு இந்தப் படுக்கைக்கு எங்க ஆளு வருவாரு. உங்க தப்புக்கு அவரு காத்திருக்கணுமா?"

டாக்டர் வந்து டிரைவர் ஐயாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், ஒரு நிமிடம்தான். "இவரை இப்பவே போடுங்க. பத்தரைக்கு வர்ற ஆளை நான் பார்த்துட்டு உக்கார வைக்கிறேன்" என்றார். ஆக்சிஜனும் வைத்தார்கள்.

பத்தரைக்கு வந்தவர் ஒரு மணிக்கு மேல் வரை பெஞ்சில் உட்கார்ந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாள். "மன்னிப்பு என் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமா?" என்றார் அவர். நியாயம்தானே.

மேனேஜர் போனில், "அவர் ஒண்ணு அனுப்பியிருக்காரே, அப்ப நம்ம மேல தப்பில்ல" என்றார்.

"எந்த நாளுக்கு வர்றேன்னு அனுப்பினாரு சார்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மதியம் டிரைவர் ஐயாவுக்கு மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து, "என்னை வெச்சு இவ்வளவு பஞ்சாயத்தா?" என்றார். அவர் கால்மாட்டில் நின்றபடி அவள் நேற்று அனுப்பியதை எடுத்து விரல்விட்டு எண்ணினாள். 'நாளை' நாலு. '12/6' அதுவும் நாலு. கிழமையை மட்டும் எடுத்திருந்தால் போதும். தேதியோடேயே அறுபத்தெட்டுக்குள் அடங்கியிருக்கும். மேனேஜர் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. வணக்கத்தை வெட்டத் தெரிந்தவளுக்கு இதை எண்ணத் தெரியவில்லையே!

மாலை நாலு மணிக்கு, மெஷின் இன்னும் சரியாகவில்லை, வெள்ளிக்கிழமை ஆட்களும் மேற்குத்தெருவுக்கே என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருபது பேர். மேனேஜர் வாசலில் தலைகாட்டுவதற்குள் அடித்து முடித்தாள்:

'13/6 காலை 6 டயாலிசிஸ் மேற்குத்தெரு கட்டடம். வருவீர்களா? 1 அனுப்பவும்'

இரண்டு முறை எண்ணி, அனுப்பினாள். வரிசையாக '1' வந்து விழத் தொடங்கியது. இந்த முறை ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு வந்தது என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதாக ஒரு பதில்:

'யார் இது?'

சிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெயரைச் சேர்க்க இன்னும் இரண்டே எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள்.