நீல எழுத்தை நம்பாதவள்

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது. மருந்துச் சீட்டாயினும், பேருந்தில் ஒட்டிய அறிவிப்பாயினும், இருமுறை படித்தாலன்றி அவளுக்கு மனம் ஆறாது. "ஆஸ்பத்திரில சேர்த்தாலும் முதல்ல கட்டில் நம்பரச் சரிபார்ப்பா" என்று அவள் கணவர் தம் தாயாரிடம் கேலி செய்வதுண்டு.

அவள் பணியாற்றிய விளம்பர நிறுவனம், வாடிக்கையாளர்களின் சமூக ஊடகப் பதிவுகளுக்குக் கேப்ஷன் எழுதி, உரிய நேரத்தில் வெளியாகுமாறு வரிசையில் ஏற்றி வைப்பது. அவ்வரிசையைச் சோதிக்க அவள் ஒரு சிறு கணினி நிரல் எழுதியிருந்தாள். விலக்கப்பட்ட சொல், பிழையான பிராண்டுப் பெயர், விற்பனைப் பதிவில் விடுபட்ட இணைப்பு ஆகிய மூன்றில் எது இருப்பினும் அது அப்பதிவை நிறுத்திக் காரணத்தையும் காட்டும்.

சென்ற மாதம் அந்நிரல் அவளுக்குத் தலைகுனிவைத் தேடித் தந்தது. அழகுப் பொருளுக்கு 'வலி' தீரும் என்று விளம்பரம் செய்யலாகாது என்பதால் அச்சொல்லை விலக்கியிருந்தாள். அதுவோ, ஒரு வாடிக்கையாளரின் புதிய எண்ணெய் கூந்தலுக்கு 'வலிமை' தரும் என்றெழுதிய ஒன்பது பதிவுகளையும் பிடித்து நிறுத்திவிட்டது. எண்ணெயின் அறிமுகம் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்து அவள் அதனைத் திருத்திவிட்டாள். ஆயினும், குழுத்தலைவரான கேப்டன் சொல்லிவிட்டார்:

"இன்னொரு தடவை வீணா சங்கு ஊதுச்சுன்னா, அத மூட்டை கட்டிடலாம்மா."

ஒன்றரை மாத உழைப்பு அவ்வொரு வாக்கியத்தில் தொங்கியது.

இன்று அதே வாடிக்கையாளரின் புதிய சோப்பு 'நீரலை'. பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பதிவுகள் வெளியாக வேண்டும். ஒன்பது இருபதுக்கு நிரலை ஓட்டினாள். பதினாறு பதிவுகள் நின்றன.

ஒன்றில் 'நீர் அலை' என்று பெயர் பிளந்திருந்தது. இன்னொன்றில் சரும நோய் 'குணமாகும்' என்றிருந்தது. கேப்ஷன் எழுதும் இளைஞனான புயல் இரண்டையும் நொடியில் திருத்தினான். மீதிப் பதினான்கிலும் ஒரே காரணம்: இணைப்பு இல்லை.

"அக்கா, உங்க சல்லடைக்குக் கண்ணு தெரியல. பதினாலுலயும் நான்தான் லிங்க் போட்டேன். வந்து பாருங்க."

அவன் எழுதிய ஆவணத்தில் 'இங்கே வாங்குங்கள்' என்னுஞ் சொற்கள் நீல நிறத்தில், அடிக்கோட்டுடன் விளங்கின. அழுத்தினான், சோப்பின் கடைப்பக்கம் திறந்தது.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினாலும் பொய்யா? போதும்மா. அத நிறுத்திட்டு அப்படியே போக விடுங்க."

"பூனைக்கு மணி கட்டுனா, அது நம்மளையே எழுப்புது சார்" என்றான் புயல்.

சல்லடை ஆவணத்தை மறுபடி பார்த்தாள். தன் நிரலைத் தானே ஐயுற்றாள். ஆயினும், நிரல் படித்தது அந்த ஆவணத்தை அல்லவே!

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். வெளிய போறது இது இல்ல, வரிசைல இருக்கறதுதான்."

வரிசையைத் திறந்தாள். அதே சொற்கள் அங்கே கறுப்பாய்க் கிடந்தன. அழுத்தினாள், ஒன்றும் நிகழவில்லை.

"தம்பி, நீ கடைப்பக்க முகவரிய அந்தச் சொல்லுக்கு அடில ஒளிச்சு வெச்சிருக்க. காப்பி பண்ணி இங்க ஒட்டினப்போ எழுத்து மட்டும்தான் வந்துச்சு. முகவரி அங்கயே தங்கிடுச்சு."

புயல் தானும் அழுத்திப் பார்த்தான். "ஐயோ அக்கா! அப்ப சோப்பு வாங்க வர்றவங்க…"

"சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்க" என்று கேப்டன் முடித்தார். "புயல்ன்னு பேர் வெச்சது சரிதான். கூரையைத் தூக்கிட்டுப் போயிட்ட! உக்காந்து ஒட்டு."

ஒவ்வொரு பதிவிலும் முழு முகவரியை அவன் ஒட்ட, அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு நிரலை மறுபடி ஓட்டினாள். நாற்பத்திரண்டும் பச்சையாய் ஒளிர்ந்தன. புயல் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தான். அடுத்த அறையிலிருந்த வடிவமைப்பாளர்களும் எட்டிப் பார்த்துக் கைதட்டினர்.

பத்தரைக்கு வாடிக்கையாளரே அழைத்தார். கடைப்பக்கத்தில் கூட்டம் அலைமோதுகிறதாம். கேப்டன் தொலைபேசியை வைத்துவிட்டு அவள் மேசைக்கு நடந்து வந்தார். மற்றவர்களைத்தாம் அவர் தம் மேசைக்கு அழைப்பது வழக்கம்.

"தப்பு என்னுதும்மா. நாளையிலேருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் உங்க நிரல்தான். இனிமே யாரும் உக்காந்து கையால பார்க்க வேண்டாம். சரியா?"

சல்லடை மலர்ந்து சிரித்தாள்.

"எல்லாருக்கும் போட்டுடறேன் சார். ஆனா இணைப்பு இருக்கான்னுதான் அது பார்க்கும்; சரியான எடத்துக்குப் போகுதான்னு அதுக்குத் தெரியாது. அதனால ஒவ்வொண்ணையும் நான் கையால திறந்து பார்க்கப் போறேன்."