பதினான்காம் அத்தியாயத்தில் இறங்கியவள்

நாத்தனார் ஒரு கொலை செய்திருந்தாள். அதுவும் அரைப் பக்கத்தில்.

அண்ணி அந்த அரைப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். படிக்கப் படிக்கக் காது மடல் சூடேறியது. இருவரும் ஒரே புனைபெயரில் சேர்ந்து எழுதும் நான்காவது நாவல் இது. ஒரே நோட்டு, இரண்டு மை. கட்டடம் கட்டும் கிரேனை ஓட்டக் கற்றுக்கொள்ளும் இளம்பெண் நாத்தனாருடையவள். அவள் பேச்சும் செயலும் நீல மையில் வரும். அவளுக்குத் தொழில் சொல்லித்தரும் கொக்கியம்மா அண்ணியுடையவள், பச்சை மை. ஒருத்தியின் ஆளை இன்னொருத்தி தொடக்கூடாது என்பதுதான் ஒன்பது வருடமாக அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

இப்போது நீல மையில் கம்பிக்கயிறு அறுந்து, கொக்கியம்மா செத்துக்கிடந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர்.

"உங்க தங்கச்சியைப் பார்க்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடையை வெச்சுட்டுப் போ. கையில எதுவும் இல்லாம இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

நாத்தனார் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அண்ணி நுழைந்தபோது, நாற்காலியில் இருந்த பெரியவரின் ஒரு கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்காம எப்படிக் கொன்ன?" என்றாள் அண்ணி.

பெரியவர் படிப்பதை நிறுத்தினார்.

"கதையில, சார். நீங்க மூணாவது வரி படிங்க" என்ற நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா விட்டிருப்பீங்களா அண்ணி? எட்டாவது அத்தியாயத்துல இருந்து எண்ணினேன். என் பொண்ணு ஏழு தடவை மாட்டிக்கிறா. ஏழு தடவையும் உங்க ஆளு கீழ இருந்து வாக்கி டாக்கியில வழி சொல்லிக் காப்பாத்திடறாங்க. என் பொண்ணு உப்புக்குச் சப்பாணி மாதிரி மேல கூண்டுல உட்கார்ந்திருக்கா. அவளுக்கு ஆபத்துன்னு எவனாவது நம்புவானா?"

"அதுக்குக் கயிறு அறுந்து விழணுமா? இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில கயிறைத் தடவிப் பார்த்தவ. 'கயிறைப் பார்க்காம கொக்கியைத் தூக்காதே'ன்னு ரெண்டாவது அத்தியாயத்துல சொன்னவ. அவளே அதுல சாகறான்னா, அவ சொல்லிக்கொடுத்தது மொத்தமும் பொய்யாப் போகாதா?"

"விபத்துன்னா யாருக்கும்தான்…"

"வாழ்க்கையில யாருக்கும். கதையில எழுதறவ வசதிக்கு. செத்துட்டா படிக்கிறவன் அவளுக்காக அழுதுட்டு உட்கார்ந்திருப்பான். உன் பொண்ணு அதுக்கப்புறம் என்ன பண்ணாலும் அது செத்தவளுக்குப் போடற மாலை. அவளோட வேலை இல்ல. போறதா இருந்தா, தன் காரணத்துக்காகத் தன் காலால போகணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. போகணும். நாத்தனாரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்து இன்னும் ஆத்திரம் வந்தது. மீதிப் பதினோரு அத்தியாயத்தில் கொக்கியம்மா இல்லையென்றால், பச்சை மைக்கு அங்கே என்ன வேலை? அட்டையில் பாதிப் பெயர், உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை. அதைத்தான் நாத்தனார் இவள் வாயாலேயே பிடுங்கியிருக்கிறாள்.

"நான் எங்க போவேன்?" என்று கேட்க வந்து, "அவ எங்க போவா?" என்று கேட்டாள்.

நாத்தனார் பெரியவரிடம் ஒரு கண்ணாடிச் சட்டத்தை நீட்டினாள். அவர் கை அதற்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே காற்றைப் பிடித்தது. மறுமுறை மெல்லத் தடவிப் பிடித்தார்.

அவர் போனபின் நாத்தனார் சொன்னாள்: "ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. திடீர்னு போனா தூரம் சரியாப் பிடிபடாது. அவரு வீட்டுல யாருக்கும் சொல்லலையாம்."

வீடு திரும்பும் பேருந்தில் அண்ணி, பக்கத்தில் இருந்தவளின் பை இடித்ததற்குக்கூட முறைக்க மட்டும் செய்தாள்.

மேசையில் முதலில் பதினான்கைத் திறக்கவில்லை. மூன்றைத் திறந்தாள். கொக்கியம்மா தேநீர்க் குவளையை எடுக்கும் இடத்தில், கை கொஞ்சம் முன்னாலேயே மூடியது என்று ஒரு வரி சேர்த்தாள். ஆறில், பாரம் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், மாடிகளை எண்ணிச் சொல்ல வைத்தாள். ஒன்பதில், 'மேல ஏறி ஓட்டிக் காட்டுங்க' என்று கேட்கும் பெண்ணிடம், 'என்னைப் பார்த்தா கத்துக்கப் போற? கையை வை' என்று எரிந்து விழவிட்டாள். இத்தனை நாள் அது கண்டிப்பு. இனி அது பயம்.

பிறகு பதினான்கு. எதுவரை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள்? எல்லாம் தெரிந்தபின் போனால் அந்தப் பெண்ணுக்குச் சோதனை இல்லை. எதுவும் தெரியாமல் விட்டுப் போனால் அது துரோகம். பாரம் ஆடத் தொடங்கினால் இழுத்து நிறுத்தப் பார்க்காதே, அது போகும் பக்கம் கிரேனையும் கொண்டுபோய் அதன் தலைக்கு மேலே நில். இந்தப் பாடத்தை வாயால் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் கை ஒருமுறைகூடச் செய்ததில்லை. அங்கேதான் வெட்ட வேண்டும்.

வாக்கி டாக்கி கையில் இருக்கும்வரை அந்தப் பெண் கூப்பிடுவாள். கூப்பிடாமல் இருக்க ஒரே வழி, கூப்பிட முடியாத கோபம். அதற்குத்தான் அண்ணியிடம் பஞ்சமில்லையே. எழுதினாள். கூண்டுவரை ஏறி வந்த கொக்கியம்மாவுக்கு ஒரு கண் தெரியவில்லை என்ற சங்கதி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துபோகிறது. நீல மைக்காக இடம் விட்டு விட்டு, பச்சையில்:

"ஆமா, தெரியல. எட்டு மாசமா. உன்கிட்ட சொன்னா உன் கை நடுங்கும்னு சொல்லல."

"தப்புத்தான். நான் எப்போ சொன்னேன் நான் தப்பே பண்ணமாட்டேன்னு?"

"வேலை முடிஞ்சு இறங்கும்போது சுழல் பிரேக்கை எடுத்து விட்டுட்டு இறங்கு. கிரேனோட கை காத்தோட திரும்பட்டும். பிடிச்சுக் கட்டி வெச்சா, கிரேனையே காத்து சாய்ச்சிடும்."

வாக்கி டாக்கியைக் கூண்டின் படியில் வைத்துவிட்டு, கொக்கியம்மா கைப்பிடியைத் தடவித் தடவி ஏணியில் இறங்கினாள். கனவில் வரமாட்டாள், கடிதம் போடமாட்டாள், கடைசி அத்தியாயத்தில் கூட்டத்தின் நடுவே நின்று கண்ணைத் துடைக்கவும் மாட்டாள். அண்ணி பேனாவை மூடியபோது விரல்கள் வலித்தன. தன்னையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவளுக்கு வேறு எங்கே வலிக்கும்?

ஐந்தாம் நாள் பதினைந்தாம் அத்தியாயம் வந்தது. முழுக்க நீலம்.

காற்று. ஒன்பதாம் மாடி உயரத்தில் கம்பிக்கட்டு ஆடுகிறது. அந்தப் பெண் எதிர்ப்பக்கமாக இழுக்கிறாள். ஆட்டம் பெரிதாகி, புதிதாய் எழுப்பிய சுவரின் மூலை பெயர்ந்து விழுகிறது.

'முட்டாளே, போற பக்கம் போ,' என்று அண்ணி வாய்விட்டே சொன்னாள். பச்சைப் பேனா கைக்கு வந்துவிட்டது. ஒரே வரி. வாக்கி டாக்கியில் ஒரே ஒரு வரி, சுவர் பிழைக்கும்.

சுவர் பிழைத்தால் இந்த அத்தியாயமே இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் எரிச்சல்.

அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் அழவில்லை, யாரையும் நினைக்கவில்லை. 'எங்கடா போற, நானும் வரேன்' என்று பாரத்திடம் முணுமுணுத்துக்கொண்டு அதன் கூடவே போகிறாள். கொக்கியம்மாவின் பாடம். ஆனால் கொக்கியம்மா செத்தாலும் அப்படிப் பேசமாட்டாள்.

தொலைபேசி அடித்தது. "படிச்சீங்களா அண்ணி? சுவர் இடிஞ்சது சரியா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"நல்லா இருக்கறதாலதான். நான் எழுதாத ஒண்ணு என் நாவல்ல நல்லா இருக்கு. கோவம் வராதா?"

"பதினாறுல கூண்டுக் கதவுகிட்ட எனக்கு ஒரு சந்தேகம் அண்ணி. அவ முதல்ல…"

"என்கிட்ட கேட்காதே."

"ஒரே ஒரு…"

"கேட்காதேன்னேன். பதினாறு அனுப்பாதே. பதினேழும் அனுப்பாதே. இருபத்தஞ்சு முடிச்சுட்டு மொத்தமா அனுப்பு. நடுவுல போன் பண்ணா எடுக்கமாட்டேன்."

"இன்னும் கோவமா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு, நாத்தனார் சிரிப்பதற்குள் வைத்துவிட்டாள்.