நடுவில் மட்டும் தெரிந்த முகம்

கல்பாத்தி ராமபத்ரன் காணாமல் போன மறுவாரம், அவர் பிள்ளை ஹரிநாராயணன் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் வாசலில் அப்பாவை உட்கார வைக்கத் தீர்மானித்தான். வேறு எங்கே உட்கார வைப்பது? போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய நோட்டீசை ஸ்டேஷனுக்கு வருகிற திருடன்கூடப் பார்ப்பதில்லை.

அவன் வேலை பார்த்தது விவசாயிகளின் கூட்டுறவு சங்கம் ஒன்றில். கொழிஞ்சாம்பாறை, அகளி என்று தொடங்கி மலை மேலே மறையூர், காந்தலூர் வரை கிளைகள். எல்லாக் கிளையிலும் லினக்ஸ். எல்லாவற்றையும் பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டே மேய்க்கிறவன் ஹரி. அப்பாவுக்கோ ஞாபகம் ஓட்டைப் பானையாகி இரண்டு வருஷம். பெண்டாட்டியையே சில நாள் "மாமி யாராக்கும்?" என்று கேட்பார். இளம் வயதில் மூணாறு எஸ்டேட் ஆபீசில் இருந்தவர். ஒரு காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினவரை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் பார்த்ததாக ஒரு கண்டக்டர் சொன்னார். அதற்கு மேல் துப்பு இல்லை. உடுமலையிலிருந்து பழைய மூணாறு மலைக்குத்தான் ஏறியிருப்பார் என்று ஹரியின் மனசு அடித்துச் சொன்னது.

"கிளையில் இருக்கிறவர்கள் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது லாகின் திரை. டீ குடிக்கப் போனால் திரை பூட்டிக்கொள்ளும், திரும்பி வந்தால் மறுபடி அதே திரை. அப்பா படத்தை அங்கே வைக்கிறேன் சார்" என்று அதிகாரி ஜின்சனிடம் கேட்டான். ஜின்சன் நல்ல மனுஷன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெச்சோ. யாராவது மேலே பராதி சொன்னா எடுத்துடணும்" என்றார்.

படத்தை அவனே செய்தான். நடுவில் அப்பாவின் முகம், பேத்தி பிறந்தநாளில் எடுத்தது, வாய் நிறையச் சிரிப்பு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் 'காணவில்லை' என்று தமிழிலும் மலையாளத்திலும். வலது ஓரத்தில் அப்பாவின் பெயரும் தன் போன் நம்பரும். முகத்தின் மேல் எழுத்து எதுவும் படக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். அப்பா முகத்தில் எழுதுவதற்கு மனசு வரவில்லை.

முதல் தடவை திரை வெறும் நிறமாக வந்து பல்லிளித்தது. படத்தைத் தன் ஹோம் போல்டரிலேயே வைத்துவிட்டிருந்தான். லாகின் திரையைக் காட்டுகிற லைட்-டிஎம் தனிப் பயனராக ஓடுகிறது, அடுத்தவன் வீட்டுக்குள் நுழைய அதற்கு அனுமதி கிடையாது. புதுசாக வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு. தலையில் அடித்துக்கொண்டு, எல்லோரும் படிக்கக்கூடிய பொது இடத்துக்குப் படத்தை மாற்றினான். லாகின் திரையை வரைகிற கிரீட்டர் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் பின்னணி வரியைத் திருத்தினான். ஊழியர்கள் தங்கள் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் குருவாயூரப்பனும் குழந்தைப் படங்களும் அப்பாவை மறைக்காமலிருக்கப் பயனர் பின்னணியை அணைத்தான். பாஸ்வேர்ட் பெட்டி திரை நடுவில், அப்பாவின் மூக்கின் மேலேயே நின்றது. அதைக் கீழே தள்ளினான். அப்படியும் பெட்டியின் மேல்விளிம்பு தாடையைத் தொட்டதால் பெட்டிக்குள் வரும் எழுத்தின் அளவைக் குறைத்தான். பெட்டி சுருங்கியது. முகம் முழுசாகத் தெரிந்தது. தன் திரையில் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரே கட்டளையில் அத்தனை கிளைக்கும் அனுப்பினான்.

மறுநாளே போன் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு எடுத்தான்.

"ஹரி சாரே, அச்சனைக் கண்டு சங்கடமாப் போச்சு. நான் பிரார்த்திக்கறேன்" என்றாள் அகளி கிளையின் காசாளர் அன்னமேரி. "பின்னே, பாஸ்வேர்ட் பெட்டியில எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு கேட்டோ. கண்ணாடி போட்டும் காண முடியலை."

அப்புறம் வந்தவையும் அதே ரகம். ஊராருக்கு அவரவர் கண் வலி. வீட்டில் அம்மா அகிலாண்டம் வாசல் கதவுச் சத்தம் கேட்டதுமே எழுந்து வருவாள். "யாரானும் விளிச்சாளோடா?" அவன் இல்லையென்று தலையாட்டுவான். அவள் திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

பத்து நாளாகியும் மலைக் கிளைகளிலிருந்து மட்டும் ஒரு போன்கூட இல்லை. தாளமுடியாமல் ஹரியே காந்தலூருக்குக் கூப்பிட்டான். பூபதிராஜா என்ற எழுத்தர் எடுத்தான்.

"லாகின் திரையில படம் வருதா?"

"பென்ஷன் விளம்பரமா சார்? ஜோரா வருது. சிரிச்ச முகமா ஒரு பெரியவரு. நல்ல ஆளாத்தான் பிடிச்சுப் போட்டிருக்கீக."

"ஓரத்துல எழுதியிருக்கறதைப் படிக்கலையா?"

"எழுத்தா? ஒண்ணும் இல்லையே சார். இந்தப் பக்கம் ஏதோ கோடு கோடா இருக்கு, பாதி அறுந்தாப்புல."

அப்போதுதான் விளங்கியது. கீழ்நாட்டுக் கிளைகளுக்கு அகலத் திரைகள் வாங்கியபோது, பழைய சதுரத் திரைகளை வீணாக்க வேண்டாமென்று மலைக்கு ஏற்றி அனுப்பியவன் இவன்தான். மெச்சி ஒரு கடிதம்கூட வந்தது. அந்த கிரீட்டர் படத்தைத் திரை நிறைகிற வரை பெரிதாக்கும், மிஞ்சுவதை இரண்டு பக்கமும் வெட்டும். சதுரத் திரையில் 'காணவில்லை'யும் போன் நம்பரும் வெளியே போயின. அப்பா மட்டும் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

முகத்தின் மேலேயே, நெற்றியிலும் கன்னத்திலும், 'காணவில்லை' என்றும் பெயரையும் நம்பரையும் எழுதினான். அனுப்பினான். "திரையைப் பூட்டித் திறந்து பாருங்கோ" என்றான்.

பூபதிராஜா ஒவ்வொரு வார்த்தையாகப் படிப்பது போனில் கேட்டது.

"சார்... இவரு உங்க அப்பாவா?"

"ஆமாம்."

"இவரு இங்கனதான் சார் இருந்தாரு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில. போன வாரம் பூரா."

"இப்போ?"

"நாலஞ்சு நாளாக் காணும். டீக்கடையில கேட்டேன்னா தெரியும். ஏதோ ஜீப்புல ஏறினதாப் பேச்சு." பூபதிராஜா விடாமல் சொல்லிக்கொண்டே போனான். "நான் அவருகிட்டப் பேசினேன் சார். 'ஐயா, ஒங்க படம் எங்க சங்கத்துல போட்டிருக்காக'ன்னு கேலியாச் சொன்னேன். 'எம் பிள்ளை போட்டிருப்பான். அவன் கம்ப்யூட்டர்லதான் இருக்கான். அவனை வரச் சொல்லேன்'னாரு. நான் சிரிச்சுட்டு உள்ள வந்துட்டேன் சார்."

ஹரி அன்றே மலை ஏறினான். காந்தலூர், மறையூர், சந்தனக் காட்டு வழி, ஜீப் போகிற பாதை அத்தனையும் பூபதிராஜாவோடு தேடினான். கடும் குளிர், மழை வேறு. ஜீப்காரன் எவனும் வாய் திறக்கவில்லை, தெரிந்தால்தானே திறப்பான். ஒரு வாரம் கழித்து வெறுங்கையோடு இறங்கினான். அதற்குள் மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது, முகம் முழுக்க எழுத்தாக இருக்கிற படம் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறதாம். ஜின்சன் கண்ணைப் பார்க்காமல் படத்தை எடுக்கச் சொன்னார். ஹரி எல்லாத் திரையையும் பழைய நீலத்துக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கத் தெம்பில்லை. வெட்டுப்பட்ட எழுத்தைப் பற்றியும், அப்பா பெஞ்சில் சொன்னதைப் பற்றியும் சொன்னான்.

அவள் முகம் மெல்லத் தெளிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தயாடா, அவருக்கு உன் நினைப்பு இருந்திருக்கு" என்றாள்.

அவருக்கு எதுவுமே நினைப்பில்லாமல் இருந்திருக்கக்கூடாதா, பிள்ளை வருவான் என்று அந்தப் பெஞ்சில் காத்திருந்திருக்க மாட்டாரே என்று ஹரி நினைத்தான்.