தவறுகள் பகுதியில் ஒரு பெயர்

பிரேமலதா எழுதிக் கொண்டுவந்த தன்மதிப்பீட்டை ருக்கு மேடம் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் பக்கம் போகும் முன்பே மேஜைமேல் போட்டுவிட்டார்.

"என்னடி இது, கொழந்தே? கண்ணாடிக் குழாய் ஒடஞ்சுது, ரத்தத்தைச் சுத்தற மெஷின்ல எடை சமமா வைக்கலை... இதெல்லாம் எல்லாரும் எழுதறதுதான். படிக்கறவாளுக்குத் தூக்கம் வந்துடும்."

மும்பையில் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பிரேமலதாவின் பயிற்சிக்காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசிப் படி அது. என்ன கற்றாய், என்ன தவறு செய்தாய், மறுபடி செய்தால் எதை மாற்றிச் செய்வாய் என்று மூன்று தலைப்புகளில் எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கல்லூரியில் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி லேபில் இருக்கும். அவளுடைய மேற்பார்வையாளர் சீனியர் டெக்னீஷியனான ருக்கு மேடம்தான்.

முதல் நாள் ஊசி பிடிக்கும்போது அவள் பயந்தாள். ருக்கு மேடம் தன் முழங்கையை மேஜையில் நீட்டி, "எனக்கே குத்து, பயம் போயிடும்" என்றார். தாராவியிலிருந்து வருகிறவள் என்று தெரிந்தும் ஒருநாளும் முகம் மாறியதில்லை. மதியம் தன் டப்பாவின் மூடியில் பாதிச் சாதத்தை அவளுக்கென்று எடுத்து வைப்பார். இப்படி ஒருத்தர் தனக்குக் கிடைத்தாரே என்று பிரேமலதா வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"வேற என்ன எழுதட்டும் மேடம்?"

"திலக் நகர் கேம்ப்பை எழுது."

அங்கே நடந்ததை அவர்கள் இருவரைத் தவிர யாரும் முழுதாக அறியமாட்டார்கள்.

செம்பூர் திலக் நகரில் ஒரு குடியிருப்பில் அந்த ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. முந்தின நாள் மாலையே ருக்கு மேடம் பெயர்ச் சீட்டுகளை அச்சடித்து, "எல்லாக் குழாய்லயும் இப்பவே ஒட்டி வரிசையா அடுக்கிடு. அங்கே போய் ஒட்டிண்டிருந்தா மத்தியானம் ஆயிடும்" என்றார். ரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆளின் முன்னாலேயே பெயரும் வயதும் கேட்டுத்தான் சீட்டு ஒட்ட வேண்டும். முதல் பாடத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிரேமலதா ஒருமுறை தயங்கினாள்; பிறகு ஒட்டினாள். முகாமில் கூட்டம் நெருக்கியது. பஞ்சு என்ற பெரியவர், தனக்குப் பின்னால் முழங்கால் வலியோடு நின்ற சைனப் அம்மாவை முன்னால் போகச் சொன்னார். பிரேமலதா பெயரைக் கேட்கவில்லை. வரிசையில் அடுத்திருந்த குழாயை எடுத்தாள். அது பஞ்சுவின் குழாய். பஞ்சுவின் ரத்தம் சைனப் அம்மாவின் குழாய்க்குப் போனது.

சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவு பஞ்சுவுக்கு மிக அதிகம் என்று அறிக்கை போனது. அவர் பதறியடித்து லேபுக்கே வந்தார். திரும்ப எடுத்துப் பார்த்ததில் ஒரு கோளாறும் இல்லை. வரிசையைப் பார்த்ததும் யாருடையது யாருக்குப் போயிருக்கிறது என்று ருக்கு மேடத்துக்குப் புரிந்துவிட்டது. பஞ்சுவுக்குத் திருத்திய அறிக்கை கொடுத்தார். முதலில் எடுத்த ரத்தம் கெட்டுப்போயிருந்தது என்று, அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் டாக்டர் கேஷவிடம் சொன்னார்.

"அந்த அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?" என்று மறுநாள் பிரேமலதா கேட்டாள்.

"சொல்லியாச்சு. அவா வேற இடத்துல பாத்துக்கறாளாம். நீ கவலைப்படாதே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அதையே எழுதச் சொல்கிறார்.

"நீங்க சொன்னதுனாலதான மேடம் முன்னாடியே ஒட்டுனேன்?"

"தன்மதிப்பீடுன்னா என்ன? உன்னைப் பத்தி நீ எழுதறது. அதுல இன்னொருத்தர் பேர் வந்தா பழி போடறாப்பல இருக்கும். மார்க்கைக் குறைச்சுடுவா. 'நான் முன்கூட்டியே ஒட்டினேன், பேர் கேக்கலை'ன்னு தைரியமா எழுது. டாக்டர் கேஷவ் உன்னை இங்கேயே வேலைக்கு வச்சுக்கலாம்னு சொல்லிண்டிருக்கார். இப்படி மனசைத் தொறந்து எழுதினவளை யார் விடுவா?"

பிரேமலதா அன்றே திருத்தி எழுதினாள். ருக்கு மேடம் கையெழுத்துப் போட்டு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தட்டினார்.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து ஹரி சார் கூப்பிட்டார். பயிற்சிக்கு ஆட்களை அனுப்புகிற பொறுப்பு அவருடையது. அவள் போனபோது அவருடைய கணினியில் லேபிலிருந்து வந்த மின்னஞ்சல் திறந்திருந்தது. கூடவே அவளுடைய தன்மதிப்பீட்டின் இரண்டாம் பக்கம்.

"உட்காரும்மா. சைனப்னு ஒரு பேஷண்ட். உங்க லேப் ரிப்போர்ட்ல கிட்னி நார்மல்னு இருந்திருக்கு. அதை நம்பி முழங்கால் வலிக்கு, கிட்னியைப் பாதிக்கிற மாத்திரையைப் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. கால் வீங்கி இப்ப ஆஸ்பத்திரியில சேர்த்து எடுத்தா, கிட்னி ரொம்ப கெட்டுப் போயிருக்கு. மகன் கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கார். பயிற்சிக்கு வந்த பொண்ணோட தப்பு, அவளே எழுத்துல ஒத்துக்கிட்டான்னு லேப் பதில் போட்டிருக்கு. சர்ட்டிஃபிகேட் தர முடியாதுன்னும் எழுதியிருக்காங்க."

பிரேமலதாவுக்குச் சில வார்த்தைகள்தான் காதில் விழுந்தன.

"அந்த அம்மாவுக்கு... யாரும் சொல்லலையா சார்?"

"யாரும் சொல்லலைன்னுதான் மகன் எழுதியிருக்கார்."

"கம்ப்ளெயின்ட் எப்ப வந்திச்சு?"

ஹரி சார் தேதியைச் சொன்னார். ருக்கு மேடம் அவளுடைய முதல் பிரதியை மேஜைமேல் போட்டதற்கு முந்தின நாள்.

அவள் நேரே மாட்டுங்காவுக்குப் போனாள். காலை நேரக் கூட்டம் ஓய்ந்து, ரத்தம் எடுக்கும் அறையில் ருக்கு மேடம் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கம்ப்ளெயின்ட் வந்த பிறகுதான் என்னைய எழுதச் சொன்னீங்களா மேடம்?"

"கதவைச் சாத்து."

"சொல்லுங்க மேடம்."

"எனக்கு வேற வழி தெரியலைடி. ஆத்துக்காரருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில இருக்கார், நோக்குத் தெரியும். இந்த வயசுல என்னை வெளியில அனுப்பினா எவன் சேத்துப்பான்? நீ சின்னவ. பயிற்சியில இருக்கறவ தப்புப் பண்ணினா உலகம் மன்னிச்சுடும்."

"சைனப் அம்மாவுக்குச் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?"

ருக்கு மேடம் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்ல, "போனை எடுத்தேன். என்னன்னு சொல்றதுன்னு வெச்சுட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுத்து" என்றார்.

"நான் எழுதுவேன்னு எப்படி நெனச்சீங்க?"

"நீதான் நான் சொன்னா கேப்பியே."

திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிரேமலதா வெளியே வந்து ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அம்மா ஆறுமுகத்தாய் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள்.

"சோறு போட்ட கையின்னு சொன்னியேட்டி! அந்தக் கைதான் கழுத்தப் புடிச்சிருக்கு. வா, ரெண்டு பேரும் போயி நாலு பேரு முன்ன வச்சு கேப்போம்."

"வேண்டாம்மா. மொதல்ல அந்த அம்மாவப் பாக்கணும்."

"அவங்க அடிச்சா?"

"அடிக்கட்டும்."

சைனப் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். திலக் நகரில் இரண்டாம் மாடி. மகள் ஆஸியா கதவைத் திறந்தாள். பிரேமலதா யாரென்று சொன்னதும் அவள் முகம் இறுகியது. உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்று குரல் வந்தது.

கட்டிலில் சைனப் அம்மா கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். முகம் உப்பியிருந்தது.

"நான்தான் உங்களுக்கு ரத்தம் எடுத்தேன். உங்க பேரக் கேக்காம வேற ஆளு குழாயில எடுத்திட்டேன்."

"தெரியும்மா. கம்ப்ளெயின்ட் கொடுத்த பிறகு உங்க மேடம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. பழம்லாம் வாங்கிட்டு வந்தாங்க. என் கையப் புடிச்சிட்டு அழுதாங்க. அந்தப் புள்ள என்கிட்ட மறைச்சிட்டான்னாங்க."

காகிதத்தில் செய்ததையாவது மேடத்தின் பயம் என்று பிரேமலதாவால் இதுவரை நினைத்துக்கொள்ள முடிந்தது. இங்கே வந்து, இந்தக் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்.

"நான் மறைக்கல. அவங்களுக்கு மறுநாளே தெரியும். உங்களுக்குச் சொல்லிட்டதா என்கிட்டச் சொன்னாங்க."

"நீ நம்பிட்டே."

"ஆமா."

சைனப் அம்மா அவளையே பார்த்தார்.

"சரிம்மா, அவங்க சொல்லலை. நீ ஏன் வரலை? என் அட்ரஸ் உன்கிட்ட இருந்திச்சுல்ல? இதோ இப்ப வந்திருக்கே. அன்னைக்கு இதே வழிதானே?"

ஆஸியா கதவருகே போய் நின்றாள். போகச் சொல்கிறாள் என்று புரிந்தது. சைனப் அம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை, பிரேமலதாவும் கேட்கவில்லை.

மறுநாள் ஹரி சாரிடம், தவறுகள் பகுதியைத் திரும்ப எழுத அனுமதி கேட்டாள்.

"பழசை எடுக்க முடியாது. கூட ஒரு பக்கம் சேர்க்கலாம். லேபுக்கும் கம்ப்ளெயின்ட் கொடுத்தவருக்கும் அனுப்பியாகணும், பரவாயில்லையா?" என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ரத்தம் எடுக்கும் முன்பே குழாய்களில் பெயர் ஒட்டச் சொன்னவர் ருக்கு மேடம் என்று எழுதினாள். தவறு என்று தெரிந்தும் தான் ஒட்டியதையும், பெயரைக் கேட்காமல் ரத்தம் எடுத்ததையும் எழுதினாள். மாறிப்போனது இருவருக்கும் தெரியும் என்று எழுதினாள். 'நோயாளியிடம் சொல்லிவிட்டதாக மேற்பார்வையாளர் கூறியதை நம்பினேன். நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. மறுபடி செய்தால் நானே போய்ச் சொல்வேன்' என்று முடித்தாள்.

ஹரி சார் அதைப் படித்துவிட்டு லேபுக்குப் போன் செய்தார். "பயிற்சியில இருக்கிற பொண்ணு செய்யறதுக்கெல்லாம் கூட இருக்கிற டெக்னீஷியனும் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற டாக்டரும்தான் பொறுப்பு. இவ காகிதத்தைக் காட்டி நீங்க தப்பிக்க முடியாது, டாக்டர்" என்று அவர் சொல்வது வெளியே நின்ற பிரேமலதாவுக்குக் கேட்டது.

லேப் சைனப்பின் மகனுக்கு எழுதிய பதிலை மாற்றிக்கொண்டது. சிகிச்சைச் செலவைப் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டார்கள். முகாம்களுக்கு ருக்கு மேடம் போகக்கூடாது என்று ஆனது, வேலை போகவில்லை. பிரேமலதாவுக்கு அங்கே வேலை இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் வேறிடத்தில் பயிற்சி செய்தால் சான்றிதழ் தருவதாகக் கல்லூரி சொன்னது. மான்குர்தில் ஒரு சிறிய லேபில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே சேர்ந்த வாரத்தில் ருக்கு மேடம் போன் செய்தார்.

"நீ எழுதினதை டாக்டர் என்னைக் கூப்பிட்டு வச்சுப் படிக்கச் சொன்னார். எல்லார் முன்னாடியும். என் பேரைப் போட்டிருக்கியே, பிரேமா? உன்னை நான் எப்படியெல்லாம் பாத்துண்டேன்!"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க மேடம்."

"அப்புறம் எப்படிடி மனசு வந்தது?"

குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. அவர் நடிக்கவில்லை என்பது பிரேமலதாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அதத்தான் அன்னைக்கு நானும் உங்ககிட்டக் கேக்க வந்தேன், மேடம்."

அவளே போனை வைத்தாள்.

"யாருட்டி?" என்றாள் ஆறுமுகத்தாய், தையலிலிருந்து தலையை எடுக்காமல்.

"பழைய லேப்புல இருந்தும்மா" என்றாள் பிரேமலதா. முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.