கட்டம் விழுந்த பெயர்கள்

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கல் வாங்கிய வகையில் கருப்பையன் தர்மராஜுக்குத் தர வேண்டிய பாக்கி அது. காரைக்கால் பைபாஸ் ஓரம் கிரானைட் பட்டறை வைத்திருந்த தர்மராஜ் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கருப்பையனின் வீட்டு வாசலில் நின்ற காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருபத்தேழாம் தேதி வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கம்ப்ரஸர் இல்லையென்றால் கருப்பையனுக்குப் பிழைப்பு இல்லை. அதன் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்துத்தான் கல்லில் எழுத்து வெட்டுவான்.

கடல் ஊருக்குள் வந்துபோய் இருபத்தாறாம் தேதியோடு ஒரு வருஷம். பட்டினச்சேரிப் பஞ்சாயத்தார் செத்தவர்களின் பெயரையெல்லாம் வெட்டி ஒரு கல் நட முடிவு செய்து, அந்த வேலையைக் கருப்பையனிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாயிரம் கூலி. கல் நின்றதும் கையில் பணம். கடனை அடைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டிக்கரில் வெட்டித் தருவது காஜா நஜ்முதீன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. பஞ்சாயத்தின் சார்பில் தியாகராசனும் கூட வந்திருந்தார்.

"எப்பவும் போடுற எழுத்து வேணாம் பாய். ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு. கம்பீரமா ஒண்ணு போடுங்க" என்றார் தியாகராசன்.

நஜ்முதீன் நெட்டில் சும்மா கிடைத்த எழுத்துரு ஒன்றைத் திறந்தான். தலைப்பை அடித்ததும் தடித்தடியாக, பார்க்க மிடுக்காக வந்தது. தியாகராசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கருப்பையன் கிட்டப்போய்ப் பார்த்தான். முப்பத்தெட்டு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன். இன்னமும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பான். 'செல்வி' என்ற பெயரில் கொம்பு ஒரு பக்கம் தனியாக நிற்க, சகரம் தள்ளி நின்றது. அடுத்த பெயரில் ரகரம் பக்கத்து எழுத்தின் மேல் ஏறிக் கிடந்தது.

"எடவெளி சரியில்லியே தம்பி."

"அது கெடக்கட்டும்ண்ணே. ஒண்ணொண்ணா புடிச்சி நவுத்திடுறேன்."

திரையில் தெரிந்த முதல் பத்துப் பெயரிலும் நகர்த்தியும் விட்டான். ஆனால் இடைவெளியில் கோணல் இருந்தால் உள்ளேயும் கோணல் இருக்கும் என்று இருவருக்குமே தெரியும். புது எழுத்துரு என்றால் அகரத்திலிருந்து ஜ, ஷ, ஸ, ஹ வரைக்கும், எண்களோடு சேர்த்து, ஒரு வரிசை அடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பிறகு நிரப்பிய கறுப்பை எடுத்துவிட்டு, ஓரக்கோடு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துப் பெரிசாக்கிப் பார்ப்பார்கள். கோடு எங்காவது மூடாமல் நின்றால் அந்த எழுத்துருவையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு நஜ்முதீன், "வரிசை அடிக்கவாண்ணே?" என்று கேட்டான்.

கருப்பையன் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்குக் கரண்டு போகும். மேல் பாதியை இன்றே வெட்டி மணல் அடித்தால்தான் இருபத்தாறுக்குள் முடியும். தர்மராஜ் கம்ப்ரஸரைப் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தது.

"மொத பத்துப் பேரும் நல்லாத்தானே வந்துருக்கு. வெட்டு."

பட்டியலில் பெரியவர்கள் மேலே, குழந்தைகள் கீழே. மேல் பாதி ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, எழுத்துத் துண்டுகளைக் கருப்பையன் ஊசியால் நெம்பி எடுத்தான். கோடு மூடாத இடங்களில் கத்தி வெட்டாமல் விட்டிருந்தது. இழுத்தால் கிழிந்தது. ழகரம் வந்த இடமெல்லாம் பிளேடால் வெட்டிச் சரிக்கட்டினான். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மணல் அடித்தான். முத்தையன், அல்லி, செல்வி என்று பெயர்கள் கல்லில் ஆழமாக இறங்கின. தொண்டை முழுக்கத் தூசி.

மறுநாள் கீழ்ப் பாதியை ஒட்டினான். துண்டுகளை எடுத்துக்கொண்டே வந்தவன் கை நின்றுவிட்டது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில் 'ரிணி'. அடுத்த வரியில் கட்டம், 'னனி'. அதற்கும் கீழே 'அபி', தனியாக ஒரு கொம்பு, கட்டம், 'க்'.

ஹரிணி. ஜனனி. அபிஷேக். அப்பன் ஆத்தாளுக்கெல்லாம் பழைய பெயர்கள். பிள்ளைகளுக்குத்தான் ஆசை ஆசையாகப் புதுப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துகளை இந்த எழுத்துரு செய்தவன் செய்யவே இல்லை.

தகவல் கேட்டு நஜ்முதீன் கடையைத் திறந்து வரிசையை அடித்தான். கடைசியில் கட்டங்களாக வந்து நின்றன.

"நேத்தே அடிச்சிருக்கணும்ண்ணே" என்றான். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அல்ல.

"மேல் பாதி கல்லுல எறங்கிடுச்சு தம்பி. இனி எழுத்த மாத்த முடியாது."

நஜ்முதீன் வேறொரு எழுத்துருவிலிருந்து அந்த எழுத்துகளை மட்டும் எடுத்துச் செருகினான். அவை மெல்லியவை. இழுத்துப் பெருக்கினால் உருவம் கெட்டது. அப்படியே வெட்டி ஒட்டி அடித்தார்கள். சன்னமான சந்துக்குள் மணல் சரியாகப் போகவில்லை. ஹவும் ஜவும் ஷவும் மேலோட்டமாகக் கீறல் போல நின்றன. பெயின்ட் பூசினால் வழிந்து பரவியது.

சாயங்காலம் தியாகராசன் வந்தார். கூடவே ஹரிணியின் அம்மா அஞ்சுகம். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கல் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"புள்ளைங்க பேரு மட்டும் ஏண்ணே மங்கிக் கெடக்கு?"

"அந்த எழுத்துருவுல அதெல்லாம் இல்ல தங்கச்சி. நான் பாக்காம வெட்டச் சொல்லிட்டேன்."

"விடுங்கம்மா. நாளைக்கு மாலை போட்டா மறைஞ்சிடும். கல்லு நின்னதும் பணம் வாங்கிக்கங்க கருப்பையன்" என்றார் தியாகராசன்.

அஞ்சுகம் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாளான்னிக்கு மாலை காஞ்சிடுமே" என்றாள். பிறகு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கருப்பையன் சாக்கை எடுத்துக் கல்லை மூடினான். "இது நிக்கக் கூடாதுங்க. வேற கல்லுல வெட்டித் தர்றேன்."

"நாளைக்கு மந்திரி வர்றாரு. எதத் தொறக்குறது, ஒன் தலையவா?"

"பெரிய பேனர் ஒண்ணு வெச்சிக்கங்க."

"அப்ப காசும் பேனருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தியாகராசன் வண்டியை உதைத்தார்.

இருபத்தேழாம் தேதி காலையில் கருப்பையனே தர்மராஜின் பட்டறைக்குப் போனான்.

"கம்ப்ரஸர எடுத்துக்கங்க. பாக்கி போக மிச்சத்துக்கு அதே அளவுல ஒரு கல்லு குடுங்க."

"கம்ப்ரஸர் இல்லாம எதுல அடிப்ப?"

"உளியில வெட்டிக்கிறேன். பாய் பழைய எழுத்துலயே ஸ்டிக்கர் தர்றேன்னுட்டான். இந்தவாட்டி வரிசை அடிச்சிப் பாத்தாச்சு. எல்லாம் இருக்கு."

"கூலி?"

"அது போயிடுச்சு."

தர்மராஜ் டெம்போவில் ஒரு கல்லை ஏற்றிக்கொண்டு கருப்பையன் வீட்டுக்கு வந்தார். ஆட்கள் கல்லை இறக்கிவிட்டுக் கம்ப்ரஸரை ஏற்றினார்கள். சக்கரம் ஒன்று வாசல்படியில் சிக்கியபோது கருப்பையனும் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டான். இறக்கிவைத்த புதுக் கல்லில் சாய்ந்துகொண்டே தர்மராஜ் கணக்கைப் பிரித்து, கருப்பையன் பெயருக்கு நேரே குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.