தொண்ணூறு நாள் தவணை

அந்தக் கணக்கில் என் கையெழுத்து இருந்தது. தப்பு வேணுவுடையது, ராஜாராமன் சாருடையது என்று பின்னால் யார் என்ன சொன்னாலும், பச்சை மையில் "சாந்தகுமாரி, கணக்கு அதிகாரி" என்று போட்டவள் நான்தான்.

எண்பத்திரண்டாம் வருடம், மே மாதம். ஆசிய விளையாட்டுக்காக டில்லி முழுக்கப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி நாராயணாவில், ஒரு ஷெட்டும் மேலே மூன்று அறைகளும். தண்ணீர் மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் செய்தோம். சாந்தினி சௌக்கில் மின்சாமான் சந்தையான பாகீரத் பேலஸ் கடைக்காரர்கள் வாங்கி, ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் விற்பார்கள். மாதம் இரண்டு லட்சம் விற்பனை. முப்பது நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு. பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

முதலாளி ராஜாராமன் அரசு நிறுவனம் ஒன்றில் எஞ்சினியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். விற்பனை பார்த்த வேணு டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னைவிட ஆறு வயது சின்னவன், சம்பளம் மட்டும் இருநூறு ரூபாய் அதிகம். புதிதாக இருபது கடைகள் தயாராக இருப்பதாகவும், தொண்ணூறு நாள் தவணை கொடுத்தால் எல்லாருமாக மாதம் ஐம்பதாயிரத்துக்குச் சரக்கு எடுப்பார்கள் என்றும் அவன்தான் சேதி கொண்டுவந்தான்.

கணக்கை நான் போட்டேன். நூறு ரூபாய் ஸ்டார்ட்டரில் செம்பும் இரும்பும் கூலியும் வரியும் எண்பது. ஷெட் வாடகை கூடப்போவதில்லை. ஆகவே வருடத்துக்குக் கூடுதலாக ஆறு லட்சம் விற்றால் லாபம் ஒரு லட்சத்து இருபதாயிரம். புதுக் கடைகளிடம் எப்போதும் மூன்று மாதச் சரக்கு, ஒன்றரை லட்சம், நிலுவையில் நிற்கும். அதில் நூற்றுக்கு எண்பது வீதம் நம் கையை விட்டுப் போன பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். வங்கி வட்டி பதினெட்டு சதவீதம், இருபத்தோராயிரத்து அறுநூறு. வராமல் போகும் கடன் நூற்றுக்கு ஐந்து என்று முப்பதாயிரம். எல்லாம் கழித்தால் அறுபத்தெட்டாயிரத்து நானூறு மிச்சம். ராஜாராமன் சார் தாளை இரண்டு முறை படித்தார். புசா ரோட்டில் இருந்த தன் வீட்டை ஈடு வைத்து, வங்கியில் ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கப் போவதாகச் சொன்னார். சுற்றறிக்கை தட்டச்சாகி புதுக் கடைகளுக்கு இருபது பிரதி எடுத்தாயிற்று. திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வசூல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நானே பேருந்து ஏறிச் சாந்தினி சௌக் போனேன். அந்தச் சந்தில் பெண்கள் வாங்க வருவார்கள், வசூலிக்க வரமாட்டார்கள். பழைய வாடிக்கையாளரான குப்தாஜி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். காசோலையை உடனே எழுதவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தொண்ணூறு நாளாமே, பெஹன்ஜி, என்று நிதானமாகக் கேட்டார். எங்கள் பழைய கடைகளுக்கும் வேணு பிடித்த புதுக் கடைகளுக்கும் ஒரே டீக்கடை. சுற்றறிக்கை இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. அதற்குள் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. பத்து வருடமாக ஒழுங்காகப் பணம் தருகிறவனுக்கு முப்பது நாள், நேற்று வந்தவனுக்குத் தொண்ணூறா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. முடிவெடுத்துவிட்டவரின் சிரிப்பு.

திரும்பி வரும் பேருந்தில் கணக்கை மறுபடி போட்டேன். பழைய கடைகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்களிடம் இன்று நிற்பது இரண்டு லட்சம். அவர்களும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் ஆறு லட்சம். ஒரு ஸ்டார்ட்டர்கூட அதிகம் விற்காமல் நாலு லட்சம் வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வட்டி எழுபத்திரண்டாயிரம். என் அறுபத்தெட்டாயிரத்து நானூறு அங்கேயே காலி, மேலே மூவாயிரத்து அறுநூறு நஷ்டம். இத்தனை கடைகளையும் துரத்த இன்னொரு வசூல்காரர் வேண்டும், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். பழைய கடைகளில் ஒன்று முழுகினால் என்ன ஆகும் என்பதை நான் தொடவே இல்லை.

எங்கள் வீடு இருந்த லக்ஷ்மிபாய் நகர் நிறுத்தத்தில் இறங்கியபோது கணக்கு எனக்குப் பயமாக இல்லை. அதைச் சொல்லப்போகும் என் குரல்தான் பயமாக இருந்தது. இந்த வேலைக்கு நான் வந்தபோது, பெண்பிள்ளைக்குப் பேரேடு எழுத வரும், யோசிக்க வராது என்று மாடிப்படியில் யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. ஆறு வருடமாக அந்த வாக்கியத்துக்கு எதிராக நான் ஒரு பைசாகூடத் தவறவிடாமல் வாழ்ந்திருந்தேன். இப்போது நானே போய் அதை மெய்ப்பித்துவிட்டு வரவேண்டும்.

என் கணவர் பாலசுப்ரமணியம் அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கலங்கறே? விற்பனைப் பிரிவு தந்த தகவலின்படின்னு மேலே ஒரு வரி சேத்துடு. நாளைக்கு எவன் கேட்டாலும் உன் தலை உருளாது."

"நஷ்டம் வருமே."

"வரட்டும். அது உன் நஷ்டமா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு வரியால் அவர் பதினெட்டு வருடம் பத்திரமாக இருந்திருக்கிறார். அன்று சமையல் முடியும்வரை அந்த வரி என் மனத்தில் இனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை எந்த இடத்தில் நுழைப்பது என்றுகூட யோசித்தேன். பிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது. தப்புச் செய்ததைவிட, அதைச் சுற்றி வேலி கட்ட என் மனம் அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடியதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை ராஜாராமன் சார் அறையில் வேணு முன்பே உட்கார்ந்திருந்தான். சுற்றறிக்கைகளை உறையில் போட்டாயிற்றா என்று சார் கேட்டார். போடவில்லை, போடப்போவதில்லை என்றேன். புதுத் தாளை மேஜையில் வைத்தேன்.

"போன வாரம் நான் கொடுத்த கணக்கு தப்பு சார். பழைய கடைகளை விட்டுட்டேன்."

வேணு தாளை எட்டிப் பார்த்தான். "அரே, மேடம், பழைய கடைக்கு யார் தொண்ணூறு நாள் தர்றது? புதுசுக்கு மட்டும்தான். பழையவங்களுக்கு லெட்டரே போகாது."

"லெட்டர் எதுக்கு வேணு? டீ போதும். வெள்ளிக்கிழமையே குப்தாஜி எங்கிட்ட கேட்டாச்சு."

"கேட்டா முடியாதுன்னு சொல்லணும்."

"சொல்லலாம். முப்பதாம் நாள் அவர் பணம் தரமாட்டார். நீ என்ன செய்வே, சரக்கை நிறுத்துவியா? நிறுத்தினா மாசம் இரண்டு லட்சத்துல கை வைக்கறே. நிறுத்தலைன்னா அவருக்கும் தொண்ணூறு நாள்தான்."

சார் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாக. முகம் சிவந்தது. வங்கிக்கு மனு கொடுத்தாயிற்று, மேலாளரிடம் லாபக் கணக்கைக் காட்டியாயிற்று, இப்போது எந்த முகத்தோடு போவது என்று கேட்டார். ஆறு வருட அனுபவத்தில் இது தெரியவில்லையா என்றார். ஆண் ஒருவனை இந்த நாற்காலியில் வைத்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதால் அது போய்விடவில்லை.

"முடிச்சுடுங்க சார்," என்றேன். "ஆணா இருந்தாலும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கலாம். வந்து சொல்லியிருப்பானான்னு எனக்குத் தெரியாது."

தாளின் கடைசி வரியை விரலால் காட்டினேன்.

"நீங்க வங்கில கேட்டிருக்கறது ஒன்றரை லட்சம்," என்று தொடர்ந்தேன். "நமக்கு வேண்டியது அஞ்சு லட்சத்து இருபதாயிரம். செப்டம்பர்ல கூலி குடுக்கப் பணம் இருக்காது. வீடும் ஈட்டுல இருக்கும்."

தவணை தருவதே தப்பு என்கிறாயா என்று சார் கேட்டார். இல்லை என்றேன். எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரி, வெளிப்படையாக நாற்பத்தைந்து நாள் கொடுக்கலாம். வேணு சொன்ன கூடுதல் விற்பனையில் பாதி வந்தால் லாபம் அறுபதாயிரம். பழைய கடைகளிடம் ஒரு லட்சம் கூடுதலாக மாட்டும், வட்டி பதினெட்டாயிரம். புதுக் கடைகளுக்கு ஐயாயிரத்து நானூறு. வராக்கடன், கடையைப் பார்த்துக் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு, ஆறாயிரம். முப்பதாயிரத்துச் சொச்சம் நிற்கும். இதற்கு வேண்டிய முதல், அவர் வங்கியில் கேட்டிருக்கும் பணத்துக்குள்ளேயே அடங்கும். நாற்பத்தைந்துக்குப் பாதி விற்பனையாவது வருமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

"வரும்," என்றான் வேணு, சற்றுத் தாழ்ந்த குரலில். "பாதி வரும்."

சார் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, நாற்பத்தஞ்சு போடும்மா. புதுசா தட்டச்சுப் பண்ணு. ஆனா நீ பண்ண தப்பு ஃபைல்ல எழுத்துல இருக்கணும்."

"எழுதிட்டேன் சார். இரண்டாவது பக்கம்."

அவர் புரட்டினார். என்ன விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது, அதனால் எவ்வளவு தொகை மாறியது என்று மூன்று பத்தி எழுதி, கீழே என் பெயர் போட்டிருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் காலியாக விட்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் விற்பனைக்காரர்கள் எண்ணை வாயால் சொல்வார்கள். வாசலில் நின்றபடி, டீ குடித்தபடி, ஸ்கூட்டரை உதைத்தபடி சொல்வார்கள். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எப்போதும் கணக்குப் பிரிவு.

"இது யாருக்கு?" என்றார் சார்.

"வேணுவுக்கு. எத்தனை கடை, எவ்வளவு விற்பனை, எத்தனை நாள்ல பணம் வரும். இந்த மூணும் அவர் எண். கூட்டிக் கழிக்கறது என் வேலை, அதுல தப்பிருந்தா நான் பொறுப்பு. எண்ணுக்கு அவர் பொறுப்பு."

"மேடம், இதெல்லாம் நம்ம கம்பெனியில வழக்கமே இல்லை," என்றான் வேணு.

"தெரியும்."

அவன் சாரைப் பார்த்தான். சார் என்னைப் பார்த்தார். இந்த வேலை போனால் அடுத்த மாத வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்பது எனக்குள் ஒரு மூலையில் தெளிவாக ஓடியது. அதை ஓடவிட்டேன். எழுந்திருக்கவில்லை. சொன்னதை மென்மையாக்கும் வார்த்தை எதையும் தேடவில்லை. இத்தனை வருடம் தேடித் தேடிச் சேர்த்தது போதும்.

"நீ சொன்ன எண்தானே," என்றார் ராஜாராமன் சார், என் பக்கம் பார்க்காமல். "போடு வேணு."

வேணு சட்டைப்பையைத் தடவினான். அவனிடம் பேனா இல்லை. நான் என்னுடையதைக் கொடுக்கவில்லை. அவன் வெளியே போய் ஒன்று வாங்கிவரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.